நவம்பரில் ஊரில் இருக்க மாட்டேன்: அம்பத்தூர் வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம்

கேள்வி: சென்னையில் தனியாக ஜிஎஸ்டி, கணக்கு ஆலோசனை செய்து வருகிறேன். அம்பத்தூரில் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஆறு வருடமாக என் வாடிக்கையாளர். தனியுரிமை நிறுவனம், ஆண்டு விற்பனை சுமார் 3 கோடி, ஜிஎஸ்டி மாதாந்திரத் தாக்கல். தங்கையின் பிரசவத்துக்காக நவம்பர் 1 முதல் 30 வரை நியூ ஜெர்சியில் இருப்பேன். அவருக்கு எப்படி எழுதுவது? வேலை நிற்காமல் இருக்க என்ன ஏற்பாடு செய்வது? அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாரோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

கடிதம் இருக்கட்டும். முதலில் ஒன்று சொல்லுங்கள்: அவருடைய ஜிஎஸ்டி கணக்கில் பதிவாகியிருக்கும் செல்போன் எண் யாருடையது?

உங்களுடையதாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தோம். முதலாளிக்கு ஓடிபி என்றால் என்னவென்று விளக்கி, அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து ஆறு இலக்கத்தைப் படித்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடும். நம் எண்ணையே போட்டுவிட்டால் வேலை சுலபம். நானும் போட்டேன். பிறகு ஒரு முறை குடும்பத்தோடு பத்ரிநாத் போயிருந்தபோது, தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதியன்று மலைப்பாதையில் மூன்று மணி நேரம் சிக்னலே இல்லை. என் உதவியாளர் சென்னையில் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு, ஓடிபிக்காக என் எண்ணையே விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கிச் சேர்வதற்குள் தேதி மாறிவிட்டது. அபராதம் என்று பார்த்தால் சில நூறு ரூபாய்தான், அதை நானே கட்டினேன். வாடிக்கையாளர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “என் கடைச் சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு மலையேறிவிட்டீர்களே சார்” என்றார். அவர் சொன்னது சரி.

ஆகவே கடிதத்துக்கு முன்னால் சாவியைத் திருப்பிக் கொடுங்கள். தனியுரிமை நிறுவனம் என்பதால் ரிட்டர்னில் கையெழுத்துக்குப் பதில் ஓடிபி போதும். அந்த ஓடிபி, அங்கீகரிக்கப்பட்ட கையொப்பமிடுபவர் என்று பதிவாகியிருப்பவரின் செல்போனுக்கும் மின்னஞ்சலுக்கும் போகிறது. இரண்டையும் முதலாளியுடையதாக மாற்றுங்கள். தளத்தில் இதற்கான இடம்:

```
Services > Registration > Amendment of Registration Non-Core Fields
```

இந்த மாற்றத்துக்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை, ஓடிபி சரிபார்ப்போடு முடிந்துவிடும். மின்னஞ்சலை மறந்துவிடாதீர்கள். பலர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, மின்னஞ்சலில் தங்களுடைய பழைய முகவரியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். துறையிலிருந்து வரும் தகவல்களும் அந்த முகவரிக்குத்தான் போகும்.

இதைவிட அவசரமானது இ-வே பில். ரிட்டர்ன் மாதத்துக்கு இரண்டு முறைதான். இ-வே பில்லோ அவருக்கு வாரத்துக்கு நான்கைந்து இருக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வரி செலுத்துவோரும் இ-வே பில் தளத்தில் நுழையவே கடவுச்சொல்லுக்கு மேல் ஓடிபி கொடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சரக்கு என்றால் இ-வே பில் இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது, வெளிமாநிலத்துக்கு ஐம்பதாயிரம்தான் வரம்பு. அம்பத்தூரில் பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் வண்டி வாசலில் நிற்கும்போது, நவம்பரில் நியூ ஜெர்சியில் விடியற்காலை நாலரை மணி. பிரசவ வீட்டில் அந்த நேரத்தில் யாராவது விழித்துத்தான் இருப்பார்கள், ஆனால் அது உங்கள் வாடிக்கையாளருக்காக அல்ல.

இதற்கு வழி, இ-வே பில் தளத்தில் அவருடைய கணக்கு பார்க்கும் பெண்ணுக்குத் தனியாக ஒரு துணைப் பயனர் கணக்கு உருவாக்குவது. முதன்மைப் பயனராக நுழைந்து `Create Sub User` பகுதியில் அந்தப் பெண்ணின் செல்போன் எண்ணைக் கொடுத்தால், இனி ஓடிபி அவருக்கே வரும். இ-வே பில் உருவாக்கும் உரிமையை மட்டும் கொடுத்தால் போதும். உருவாக்கியதோடு விடாமல், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அந்தப் பெண்ணே ஒரு பில் போட்டுப் பார்க்கட்டும். முதன்மைக் கணக்கின் ஓடிபி இன்னமும் உங்கள் எண்ணுக்கு வருகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணை மாற்றியது இங்கே தானாக வந்துசேர்ந்துவிட்டது என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

இனி நவம்பர் மாதத்தின் தேதிகள். பொதுவாக எல்லோரும் 20ஆம் தேதியை நினைத்துத்தான் பதறுவார்கள். நான் பதறுவது 11ஆம் தேதிக்கு. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

அக்டோபர் மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-3பி நவம்பர் 20க்குள் போக வேண்டும். அது ஆறு நாள் தாமதித்து 26ஆம் தேதி போகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளீட்டு வரி வரவு கழித்து ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரி 1,40,000 ரூபாய். ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்றால் ஆறு நாளுக்குச் சுமார் 414 ரூபாய். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 வீதம் 300 ரூபாய். மொத்தம் 714. வருத்தம்தான், ஆனால் யாரும் தொழிலை மூடப் போவதில்லை.

இப்போது 11ஆம் தேதிக்கு வாருங்கள். விற்பனை விவரம் அடங்கிய ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு அதுதான் கடைசி நாள். ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் பெரிய வாடிக்கையாளருக்கு இவர் அக்டோபரில் 6 லட்ச ரூபாய்க்குச் சரக்கு அனுப்பியிருக்கிறார், அதன் மேல் 18 சதவீத வரி 1,08,000. ஜிஎஸ்டிஆர்-1 உரிய நாளில் போனால், 14ஆம் தேதி உருவாகும் அந்த நிறுவனத்தின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் இந்த பில் ஏறிவிடும், அவர்கள் வரவு எடுத்துக்கொள்வார்கள். நாள் தவறினால் பில் அடுத்த மாத அறிக்கைக்குத் தள்ளிப்போய்விடும். பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் இப்போதெல்லாம் கேள்வியே கேட்பதில்லை. 2பியில் பில் இல்லையென்றால் வரித்தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். ஆக, அங்கே போனது 714 ரூபாய் என்றால் இங்கே ஒரு மாதம் முடங்கியது 1,08,000 ரூபாய். கூடவே, “உங்கள் சப்ளையர் சரியாகத் தாக்கல் செய்வதில்லை” என்ற பெயர். சிறு பட்டறைக்காரருக்கு அந்தப் பெயர்தான் விலை அதிகம்.

எனவே உங்கள் ஏற்பாட்டில் 11ஆம் தேதி என்ற பேச்சே இருக்கக் கூடாது. 8ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போய்விட வேண்டும் என்று எழுதுங்கள். அதற்குத் தோதாக, அக்டோபர் 31 இரவு விமானம் ஏறுவதற்கு முன்பே அன்றுவரையிலான விற்பனை பில்களை நீங்களே சரிபார்த்து வைத்துவிடலாம். இன்னொன்று: 2025 ஜூலை மாத ரிட்டர்ன் முதல் 3பியில் தானாக நிரம்பும் வரித்தொகையை நாம் கையால் திருத்த முடியாது. ஜிஎஸ்டிஆர்-1இல் பிழை இருந்தால் 3பி போவதற்குள் ஜிஎஸ்டிஆர்-1ஏ வழியாகத்தான் சரிசெய்ய வேண்டும். பழைய பழக்கத்தில் “3பியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று, நவம்பரில் உங்கள் இடத்தில் வேலை பார்க்கும் பதிலாள் அவசரப்பட்டுவிடக் கூடாது.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதத்தில் ஒரு பொறி இருக்கிறது, கவனித்தீர்களா? கடந்த நிதியாண்டின் கொள்முதல் பில்களுக்கு விட்டுப்போன உள்ளீட்டு வரி வரவை எடுக்க நவம்பர் 30தான் கடைசி நாள். ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் கெடு அதோடு முடியும். தேதி நவம்பர் 30 என்றாலும் வரவு 3பி வழியாகத்தான் வர முடியும். நடைமுறையில் நவம்பர் 20க்குள் போகும் அக்டோபர் மாத 3பிதான் கடைசி வண்டி. நவம்பர் 30க்குள் அது போகாவிட்டால் அந்த வரவு போனது போனதுதான், வட்டி கட்டி மீட்கக்கூடிய விஷயம் அல்ல. ஆறு வருடமாக அந்தக் கணக்கைப் பார்க்கும் உங்களுக்கு, எந்த சப்ளையர் மார்ச் பில்லை ஜூலையில் ஏற்றினார், எந்த எந்திரத்துக்கு வரவு எடுக்காமல் கிடக்கிறது என்பதெல்லாம் தெரியும். ஒரு மாதத்துக்கு வந்துபோகும் ஆளுக்குத் தெரியாது. இதைப் பதிலாள் தலையில் கட்டாதீர்கள். அக்டோபர் முதல் வாரத்தில் கடந்த ஆண்டின் புத்தகத்தையும் 2பியையும் ஒப்பிட்டு, விட்டுப்போனவை அனைத்தையும் அக்டோபர் 20க்குள் போகும் செப்டம்பர் மாத 3பியிலேயே எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் ஏதாவது கிளம்பினால் பிடித்துக்கொள்ள நவம்பரில் போகும் ரிட்டர்ன் இருக்கும். செப்டம்பர் காலாண்டின் டிடிஎஸ் அறிக்கைக்கும் அக்டோபர் 31தான் கெடு. அதையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்படி அக்டோபரை நிரப்பிக்கொண்டபின் அதையே ஒத்திகையாகவும் ஆக்கிக்கொள்ளுங்கள். அக்டோபர் 11, 20 ஆகிய இரண்டு தாக்கல்களையும் உங்கள் பதிலாளும் முதலாளியும் சேர்ந்து செய்யட்டும். நீங்கள் சென்னையிலேயே இருங்கள், ஆனால் போனை எடுக்காதீர்கள். எங்கே சிக்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஓடிபி வருகிறது, ஆனால் முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை மேஜை இழுப்பறையில் வைத்துவிடுவார். வங்கியின் நெட்பேங்கிங் கடவுச்சொல் அவர் மகனிடம் இருக்கிறது, மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். இத்தகைய செய்திகளை எந்தக் கடிதமும் முன்கூட்டிச் சொல்லாது. ஒத்திகை சொல்லிவிடும். வரிக்கான சலானை 20ஆம் தேதி சாயங்காலம் கட்டுகிற பழக்கம் அவருக்கு இருந்தால் அதையும் அப்போதே கண்டுபிடித்து, 18ஆம் தேதிக்கு மாற்றிவிடலாம்.

பதிலாளைப் பற்றி. உங்களைப் போலவே தனியாகத் தொழில் செய்யும் ஒருவராகப் பாருங்கள். பெரிய அலுவலகத்திடம் கொடுத்தால் அவர்கள் மூன்றாம் வாரமே வாடிக்கையாளருக்கு ஆண்டுக் கட்டணப் பட்டியல் அனுப்பிவிடுவார்கள். தனியாள் என்றால் நாளை அவர் ஊருக்குப் போகும்போது நீங்கள் அவருக்கு நிற்பீர்கள், கணக்கு நேராகிவிடும். ஆனாலும் காசு கொடுங்கள். நட்புக்காக ஓசியில் செய்யும் வேலை 19ஆம் தேதி இரவுவரை தள்ளிப்போகும். மாதம் 8,000 ரூபாய் வாங்குகிறீர்கள் என்றால், 5,000 ரூபாயை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் வழக்கம்போல உங்களுக்கே தரட்டும், பதிலாள் உங்களுக்கு பில் போடட்டும். “இந்த மாதம் பாதிக் கட்டணம் கொடுத்தால் போதும்” என்று பெருந்தன்மை காட்டாதீர்கள். வேலை முழுவதும் நடக்கிறது, கட்டணமும் முழுதாக வரட்டும். ஓராண்டுக்கு இந்த வாடிக்கையாளரிடம் நேரடியாக வேலை எடுப்பதில்லை என்று பதிலாளிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சமாக இருக்கும். நல்ல மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் அதே பயம் இருக்கிறது.

கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பதிலாள் பதிவுபெற்ற ஜிஎஸ்டி பிராக்டிஷனராக இருந்தால், முதலாளி தன் கணக்கிலிருந்து `Engage / Disengage GST Practitioner` வழியாக அவரை நியமிக்கலாம், கடவுச்சொல்லே கைமாற வேண்டாம். இல்லையென்றால், கிளம்பும் அன்று ஒரு புதிய கடவுச்சொல், திரும்பிய அன்று இன்னொன்று. இரண்டையும் முதலாளியே தட்டச்சு செய்யட்டும்.

நீங்கள் நினைத்தும் பார்க்காத ஆபத்து நோட்டீஸ். ரிட்டர்னில் முரண்பாடு என்று ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல அதிகபட்சம் 30 நாள். நீங்கள் கிளம்பிய மறுநாள் அது தளத்தில் ஏறினால், நீங்கள் வந்து பெட்டியைத் திறக்கும் நேரத்தில் கெடு முடிந்திருக்கும். பதிவை ரத்து செய்வதற்கான ஆர்இஜி-17 நோட்டீஸுக்கு ஏழு வேலைநாள்தான். தளத்தில் நோட்டீஸ்கள் இரண்டு வேறு இடங்களில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன:

```
View Notices and Orders
View Additional Notices/Orders
```

முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடுவார்கள். இரண்டாவதில் கிடந்த நோட்டீஸைப் பார்க்காமல், ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்து, பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், சர்ச்சைக்குரிய வரியில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு மறுவிசாரணை பெற்றவர்கள் ஏராளம். பதிலாள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இரண்டு பக்கத்தையும் திறந்து பார்த்து, ஒன்றுமில்லை என்றாலும் “ஒன்றுமில்லை” என்று முதலாளிக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். செய்தி வராத திங்கட்கிழமை, யாரும் பார்க்காத திங்கட்கிழமை. இதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

மழையையும் கணக்கில் எடுங்கள். நவம்பர் சென்னையில் என்ன மாதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்தது. அப்போது சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கு 3பி தாக்கல் டிசம்பர் 27வரை நீட்டிக்கப்பட்டது. அது புயலுக்குப் பிறகு கிடைத்த சலுகை, அதை நம்பித் திட்டம் போட முடியாது. தரைத்தளத்தில் மேஜைக்குக் கீழே இருக்கும் கணினியை மேலே ஏற்றச் சொல்லுங்கள். கொள்முதல் பில்களை வாராவாரம் படமெடுத்துப் பதிலாளுக்கு அனுப்பட்டும், டேலியின் நகல் ஒன்று பட்டறைக்கு வெளியே இருக்கட்டும்.

இவ்வளவும் தீர்மானமான பிறகு கடிதத்தில் எழுதுவதற்கு அதிகம் இருக்காது. செப்டம்பர் கடைசி வாரத்தில் நேரில் போய்ச் சொல்லுங்கள், அன்று மாலையே கடிதத்தை அனுப்புங்கள். ஆறு வருடப் பழக்கத்தில், செய்தியைக் காகிதத்தில் முதலில் பார்த்தால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“அன்புள்ள ஐயா, வணக்கம்.

இன்று காலை நேரில் சொன்னபடி, தங்கையின் பிரசவத்துக்காக அக்டோபர் 31 இரவு கிளம்பி, நவம்பர் முழுவதும் வெளிநாட்டில் இருப்பேன். டிசம்பர் 2 முதல் வழக்கம்போல வேலைக்கு வந்துவிடுவேன்.

அந்த மாதம் உங்கள் கணக்கை என் தோழி பார்த்துக்கொள்வார். பத்து வருடமாக இதே தொழிலில் இருப்பவர். அடுத்த வாரம் அவரைப் பட்டறைக்கு அழைத்து வருகிறேன். அக்டோபரில் செய்ய வேண்டிய தாக்கல்கள் இரண்டையும் அவரே உங்களோடு சேர்ந்து செய்வார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவரோடு ஒத்துவரவில்லை என்று தோன்றினால் அக்டோபர் 20க்குள் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும்.

நவம்பரில் நடக்க வேண்டியவை: 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், தொகையை அவர் 4ஆம் தேதி சொல்வார். 8ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1. அதற்கு அக்டோபர் மாத பில்கள் அனைத்தும் 3ஆம் தேதி அவர் கைக்கு வந்துவிட வேண்டும். 3பிக்கான வரித்தொகையை 16ஆம் தேதி சொல்வார், 18ஆம் தேதிக்குள் நீங்கள் சலான் கட்டினால் 19ஆம் தேதி தாக்கல் முடிந்துவிடும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நோட்டீஸ் இருக்கிறதா என்று பார்த்து உங்களுக்குச் செய்தி அனுப்புவார். மாலை ஆறு மணிக்குள் செய்தி வராவிட்டால் தயவுசெய்து நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. ஜிஎஸ்டி தளத்தில் இதுவரை என் எண் இருந்தது. அது முதலிலேயே உங்கள் எண்ணாக இருந்திருக்க வேண்டும். இந்த வாரம் வந்து மாற்றிவிடுகிறேன், ஆதார் எண்ணோடு இணைந்த போனைக் கையில் வைத்திருங்கள். இ-வே பில் போடுவதற்கு உங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவருக்குத் தனிக் கணக்கு உருவாக்கித் தருகிறேன், இனி ஓடிபிக்காக யாரையும் அழைக்க வேண்டாம். தாக்கல் நாள்களான 8, 19 தேதிகளில் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை போன் உங்கள் அருகில் இருக்கட்டும்.

கடந்த ஆண்டில் விட்டுப்போன வரி வரவுகளை எடுக்க நவம்பரோடு கெடு முடிகிறது. அதை நான் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுவேன். கடந்த ஆண்டு பில் ஏதாவது உங்களிடம் தனியாக இருந்தால் அக்டோபர் 10க்குள் கொடுத்துவிடுங்கள். ஆண்டு ரிட்டர்னை நான் திரும்பிவந்து டிசம்பர் 31க்குள் முடிக்கிறேன்.

நவம்பருக்கான கட்டணம் வழக்கம்போலத்தான். தோழிக்கு நான் கொடுத்துக்கொள்கிறேன், நீங்கள் தனியாக எதுவும் தர வேண்டியதில்லை.

நோட்டீஸ் வந்தாலோ, அதிகாரிகள் நேரில் வந்தாலோ, வண்டியை வழியில் நிறுத்தினாலோ முதலில் தோழியை அழையுங்கள். அவசியம் என்றால் அவர் என்னை எந்த நேரத்திலும் எழுப்புவார். மற்றபடி புதன்கிழமைதோறும் சென்னை நேரம் இரவு எட்டரை மணிக்கு நானே உங்களை அழைக்கிறேன்.”

இதில் நான் எழுதாமல் விட்டவற்றையும் கவனியுங்கள். மன்னிப்பு கேட்கவில்லை. “மடிக்கணினியை எடுத்துப் போகிறேன், எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள்” என்றும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் அன்பில் எழுதுவதுதான், ஆனால் அதைப் படித்தவர் தோழியை ஒருமுறைகூட அழைக்க மாட்டார். நேராக உங்களை அழைப்பார். நீங்கள் தூக்கக் கலக்கத்தில் பாதி பதில் சொல்வீர்கள், தோழி வேறொன்று சொல்லியிருப்பார், 19ஆம் தேதி இருவரும் இரண்டு தொகையோடு நிற்பீர்கள்.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாரோ என்று கேட்டிருந்தீர்கள். எண்ணை மாற்றிக் கொடுத்தபின் அவர் உங்களை விட்டுப் போவது முன்பைவிடச் சுலபம்தான், மறைக்கவில்லை. என் பத்ரிநாத் வாடிக்கையாளருக்கு ஊர் திரும்பிய வாரமே எண்ணை மாற்றிக் கொடுத்தேன். இன்னமும் என்னிடம்தான் இருக்கிறார். ஓடிபி வந்தால் மட்டும் கண்ணாடியைத் தேடுகிறார்.

ஒத்திகையன்று 11ஆம் தேதி காலை அவருடைய மேஜையில் கண்ணாடி இருக்கிறதா என்று நீங்களும் பார்த்துவிடுங்கள்.